பனிமலைப் படம் போட்ட பவர் பேங்க்: ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்: பெயர், முகவரி, பில் நகல் ஆகியவை இணைப்பில் உள்ளன.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் பெட்டியில் குறித்த அளவு மின்சாரம் தராதது, உத்தரவாதம் மறுக்கப்பட்டது – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் நிறுவனத்தின் பவர் பேங்க் ஒன்றை மலையேற்றத்திற்கென்றே வாங்கினேன். சிக்கிமில் கோய்ச்சா லா பாதையில், நடுவழியில் அது கைவிட்டது. ஊர் திரும்பியதும் உங்கள் சேவை மையத்திற்கு எழுதினேன். "குளிரில் பயன்படுத்தியதால் உத்தரவாதம் பொருந்தாது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பொருளை வாங்கிக்கூடப் பார்க்காமல் எழுதிய பதில் அது. குளிரால் வந்த குறை எது, பொருளிலேயே இருந்த குறை எது என்று பிரித்தறிய வழி இருக்கிறது. சேவை மையம் செய்திருக்க வேண்டிய அந்த வேலையை நானே செய்துவிட்டேன். கடிதம் நீண்டுவிட்டதற்கு அதுதான் காரணம்.

முதுகுச்சுமையைக் கிராம் கணக்கில் குறைத்துக்கொண்டு நடப்பவன் நான். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை வெட்டுபவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு, சிரிக்கட்டும். 200 கிராம் எடையுள்ள பவர் பேங்க் ஒன்றுதான் எனக்கு. இரண்டாவது கிடையாது. யுக்சம் கிராமத்தில் அதை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டுக் கிளம்பினால், மறுபடி யுக்சம் வந்து சேரும்வரை வேறு பிளக்கை நம்ப முடியாது. ஆகவே மின்சாரத்தையும் அரிசி, பருப்பைப் போலக் கணக்குப் பார்த்துத்தான் எடுத்துப் போகிறோம்.

என் கணக்கை உங்கள் முன் வைக்கிறேன். பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் அளவு, அதுவும் 3.7 வோல்ட்டில். பெருக்கிப் பார்த்தால் 37 வாட் மணி. அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றித் தரும்போது ஒரு பங்கு சூடாகி வீணாகும். அதனால்தான் பெட்டியின் பின்பக்கம், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும்படி, "5 வோல்ட், 2 ஆம்பியரில் 5,800 எம்.ஏ.எச்." என்று நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள். அதாவது வெளியே வருவது 29 வாட் மணி. இதில் எனக்கு மனக்குறை இல்லை. எல்லா நிறுவனங்களின் கதையும் இதுதான். "போனை இரண்டரை முறை சார்ஜ் செய்யும்" என்ற முன்பக்கத்துப் பெருமையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. பின்பக்கத்துச் சிறிய எழுத்தை மட்டுமே நம்பினேன்.

என் போனின் பேட்டரி சுமார் 19 வாட் மணி கொள்ளும். விமானப் பயன்முறையில் வைத்து, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் ஜி.பி.எஸ். அப்போதும் வேலை செய்யும். மலையில் போனின் பேட்டரியைத் தின்பது கோபுரம் தேடி அலையும் சிக்னல்தான். அதை நிறுத்திவிட்டால் படம் எடுப்பதும் வழி பார்ப்பதும் சேர்ந்து ஒரு நாளைக்குக் கால்பங்குதான் செலவாகும். போனில் இருப்பது 4 நாளைக்கு வரும். பவர் பேங்கின் 29 வாட் மணியில் நெற்றி விளக்குக்கு 5 போக மீதி 24. போனுக்குள் ஏறும்போது ஆகும் சேதாரம் கழித்தால் 20. அது போனை இன்னொரு முறை முழுதாக நிரப்பும், மேலும் 4 நாள் ஓடும். யுக்சத்திலிருந்து போய்த் திரும்ப வழக்கமாக ஆகும் காலத்திற்கு இது சரியாகப் பொருந்துகிறது. நீங்கள் அச்சிட்ட எண் உண்மையாக இருந்தால் மட்டும்.

தான்சிங் முகாமில் நடந்தது இது. ஏறக்குறைய 3,900 மீட்டர் உயரம், அக்டோபர் கடைசி, இரவில் வெப்பநிலை பூஜ்ஜியத்திற்குக் கீழே. மாலையில் கூடாரத்திற்குள் நுழைந்ததும் பவர் பேங்கை எடுத்தேன். பிற்பகல் முழுவதும் அது ஜாக்கெட்டின் உள்பையில், மார்போடு ஒட்டி இருந்தது. தொட்டால் கைக்கு வெதுவெதுப்பாகவே இருந்தது. பொத்தானை அழுத்தினால் நான்கில் மூன்று நீல விளக்குகள் எரிந்தன. போன் 31 சதவீதத்தில் இருந்தது. கேபிளைச் செருகினேன். 38 சதவீதம் வந்தபோது எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. மறுபடி அழுத்தினால் மூன்றும் எரிகின்றன. கேபிளைச் செருகினால் ஒன்றே ஒன்று மினுங்கிவிட்டு இருள்கிறது.

இந்தத் துறையில் இருக்கும் உங்களுக்கு இதன் பொருள் தெரியாமல் இருக்காது. சும்மா இருக்கும்போது செல்லின் வோல்ட்டேஜ் நன்றாக இருக்கிறது. சுமை ஏறியதும் சரிகிறது. பாதுகாப்புச் சுற்று உடனே துண்டித்துவிடுகிறது. உள்மின்தடை கூடிய செல் இப்படித்தான் நடந்துகொள்ளும். குளிர்ந்த நல்ல செல்லும் இப்படி நடந்துகொள்ளும் என்பது உண்மை. ஆனால் நல்ல செல்லைச் சூடாக்கினால் பழைய நிலைக்கு வந்துவிடும். இதுவோ சூடாக இருக்கும்போதே இப்படிச் செய்தது.

குளிரில் எப்படிப் பாதுகாத்தேன் என்று உங்கள் ஊழியர் கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இரவில் போன், பவர் பேங்க், நெற்றி விளக்கு மூன்றும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் போய், தூக்கப்பையில் வயிற்றருகே கிடக்கும். கால்மாட்டில் வைப்பதில்லை, அங்கேதான் முதலில் குளிர் ஏறும். உறை எதற்கென்றால், இரவெல்லாம் உடலிலிருந்து வரும் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் படியக் கூடாது. தண்ணீர் வடிகட்டியும் அதே இடத்தில்தான் தூங்கும். அதன் நுண்குழாய்கள் ஒரு முறை உறைந்தால் பிறகு எதை வடிகட்டுகிறது என்று யாருக்கும் தெரியாது. மொத்தத்தில் தூக்கப்பைக்குள் எனக்கு இடம் கொஞ்சம் குறைவு. போனைச் சார்ஜ் செய்வது மாலையில் மட்டும், எல்லாம் உடல் சூட்டில் இருக்கும்போது. விடிகாலையில் குளிர்ந்து கிடக்கும் போனில் கேபிளைச் செருகுவதில்லை.

உங்கள் பதிலில் உள்ள அடிப்படைத் தவறும் இங்கேதான் இருக்கிறது. லித்தியம் அயனி செல்லைக் குளிர் நிரந்தரமாகக் கெடுப்பது பெரும்பாலும் ஒரு வழியில்: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால், கிராஃபைட்டுக்குள் புக வேண்டிய லித்தியம் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அது மீளாத சேதம். ஆனால் என் பவர் பேங்க் மலையில் ஒரு முறைகூடச் சார்ஜ் ஆகவில்லை. எங்கே சார்ஜ் செய்வது? யுக்சம் விடுதி அறையில் நிரம்பியதுதான் கடைசி. அதன் பிறகு அது மின்சாரத்தைக் கொடுத்ததே தவிர வாங்கவில்லை. குளிரில் கொடுக்கும்போது அளவு தற்காலிகமாகக் குறையும், சூடேறினால் திரும்பிவிடும். உங்கள் கையேட்டிலேயே "பயன்பாடு: -10 முதல் 45 டிகிரி செல்சியஸ், சார்ஜ் செய்ய: 0 முதல் 45" என்று இரண்டு வரிகள் தனித்தனியாக இருக்கின்றன. எதற்காக இரண்டு வரிகள் என்று உத்தரவாதப் பிரிவில் ஒருவராவது படித்துப் பார்த்திருக்கலாம்.

அன்றிரவு பக்கத்துத் தூக்கப்பையில், இதே போன்ற உறையில், நண்பரின் பழைய பவர் பேங்க் இருந்தது. இதே 10,000 எம்.ஏ.எச்., வேறு நிறுவனம். மறுநாள் மாலை லாமுனேயில், இன்னும் உயரத்தில், அதிலிருந்துதான் என் போனை நிரப்பினேன். குளிர் அவருக்கும் எனக்கும் ஒன்றுதான்.

ஊருக்கு வந்ததும் யூ.எஸ்.பி. மீட்டர் ஒன்றை இடையில் பொருத்திச் சோதித்தேன். வீட்டு அறையில், மின்விசிறி சுழலும் வெப்பத்தில், பவர் பேங்கை முழுதாக நிரப்பி, நீங்கள் குறிப்பிட்ட 2 ஆம்பியரைவிட மென்மையாக 1 ஆம்பியரில் இழுத்தேன். 3,900 எம்.ஏ.எச்.சில் நின்றுவிட்டது. நீங்கள் சொன்ன 5,800இல் மூன்றில் இரண்டு பங்கு. 2 ஆம்பியரில் இழுத்தபோது இன்னும் முன்னதாகவே அணைந்தது. மீட்டரின் திரையைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். இந்த அறையில் குளிர் இல்லை. வேண்டுமானால் உங்கள் ஊழியர் வந்து பார்க்கலாம். 3,900ஐ வைத்து மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள்: நெற்றி விளக்குக்குப் போக, போன் மூன்றில் இரண்டு பங்குகூட நிரம்பாது.

நெற்றி விளக்கைச் சொன்னதால் இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் பக்கவாட்டில் கைக்கடிகாரமும் காதொலிப்பானும் படமாகப் போட்டிருக்கிறீர்கள். இத்தகைய சிறு சாதனங்கள் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே இழுக்கும். நெற்றி விளக்கும் நிரம்ப நிரம்ப இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் பவர் பேங்கோ, எதுவும் செருகப்படவில்லை என்று நினைத்து அரை நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. பொத்தானை இரு முறை அழுத்தினால் குறைந்த மின்னோட்டத்திலும் அணையாமல் இருக்கும் வசதி சந்தையில் பல பவர் பேங்குகளில் உண்டு. உங்களுடையதில் இல்லை. இதைப் பற்றித் தொலைபேசியில் கேட்டபோது, "அணைந்ததும் திரும்ப அழுத்துங்கள், சார்" என்றார் உங்கள் ஊழியர். உறைபனியில் தூக்கப்பைக்கு வெளியே கையை நீட்டி, அரை நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கச் சொல்கிறாரா என்று கேட்டேன். அழைப்பு வேறொரு பிரிவுக்கு மாற்றப்பட்டு, இசை கேட்டது. லாமுனேயிலிருந்து சூரிய உதயம் பார்க்க நள்ளிரவு தாண்டியதும் கிளம்ப வேண்டும். சமிதி ஏரியை ஒட்டிய பாதையில் முழுதாக நிரம்பாத விளக்கோடு நடப்பது விளையாட்டல்ல.

என் கோரிக்கைகள் இவை. பொருளின் முழு விலையையும் திருப்பித் தர வேண்டும். மாற்றுப் பொருள் வேண்டாம். குளிர்தான் காரணம் என்று இனியும் சொல்வதானால், என் பவர் பேங்கை உங்கள் ஆய்வகத்தில் 25 டிகிரியில் 2 ஆம்பியரில் சோதித்து, கிடைத்த அளவை எழுத்தில் தர வேண்டும். அதை உங்கள் செலவில் எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். குறைந்த மின்னோட்ட வசதி வரும்வரை, பெட்டியில் இருக்கும் கைக்கடிகாரப் படத்தை எடுத்துவிடுங்கள். பனிமலைப் படத்தை என்ன செய்வது என்பதை உங்கள் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்வேன். மீட்டர் படங்களும், பெட்டியின் இரு பக்கங்களின் படங்களும், உங்கள் ஒற்றை வரிப் பதிலும் அந்த மனுவோடு சேரும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், கையேட்டின் வெப்பநிலைப் பக்கம், மீட்டர் படங்கள், சேவை மையத்தின் மின்னஞ்சல்.