டிக்கெட்டில் எந்தத் தேதி பயணத் தேதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரயில், பஸ் டிக்கெட்டைப் படம் எடுத்தால் பெயர், பயணத் தேதி, இருக்கை, கட்டணம் நான்கையும் செயலியே பிரித்துக் கொடுத்துவிடும் என்று சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அதுவரை சரி. ஆனால் அது நூறு எழுத்தில் 99-ஐச் சரியாகப் படிப்பதால் இனி யாரும் உட்கார்ந்து சரிபார்க்கத் தேவையில்லை என்று ஒரு வரி வருகிறதே, அதைப் படித்தபோது மனசு பொறுக்கவில்லை. ஊழியர்களின் பயண பில்களைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவன் நான். அந்த வரியை நம்பி என்னவெல்லாம் நடக்கிறது என்று தினமும் பார்க்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் ஊழியர் வேலை விஷயமாக இரவு ரயிலில் போய் வந்தார். அவருடைய டிக்கெட்டில் மூன்று தேதிகள் இருந்தன. முன்பதிவு செய்த நாள் 03/04/2026. ரயில் முதல் நிலையத்திலிருந்து கிளம்பும் நாள் 04/04/2026. அவர் நடுவழி நிலையத்தில் ஏறியது நள்ளிரவுக்கு மேல் என்பதால் ஏறும் நாள் 05/04/2026, அருகிலேயே ஞாயிறு என்றும் அச்சாகியிருந்தது. செயலி மேலிருந்து படித்துக்கொண்டு வந்து, முதலில் கண்ணில் பட்ட 03/04-ஐப் பயணத் தேதி என்று எடுத்துக்கொண்டது. அதோடு விட்டதா? மாதத்தை முதலில் எழுதும் வழக்கப்படி அதை மார்ச் 4 ஆக்கிவிட்டது. மார்ச் 4 அன்று அவர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பில் பொய் என்று முடிவு கட்டி விளக்கம் கேட்டுவிட்டார்கள். இத்தனை வருட வேலையில் ஒரு பைசா தவறாகக் கேட்காதவர் அவர்.

ஆசிரியர் அவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் செயலி ஓர் எழுத்தைக்கூடத் தவறாகப் படிக்கவில்லை. பூஜ்யம், மூன்று, நான்கு எல்லாமே சரி. தான் படித்ததைப் பற்றி எவ்வளவு உறுதி என்று அது ஒரு மதிப்பெண் போடும்; அதுவும் ஏறக்குறைய முழுசாகத்தான் இருந்தது. அந்த மதிப்பெண் எழுத்தின் உருவத்துக்குப் போடப்படுவது. இது முன்பதிவு நாளா, பயண நாளா என்ற கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதை உங்கள் கட்டுரையாளர் ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டாமா?

அந்த 99 கணக்கையே எடுத்துக்கொள்வோம். நான்கு விவரங்களும் சேர்ந்து 40 எழுத்து என்று வையுங்கள். தவறுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் விழுந்தால், 40 எழுத்தும் சரியாக வரும் வாய்ப்பு 0.99-ஐ 40 முறை பெருக்கினால் கிடைப்பது, அதாவது சுமார் 67 சதவீதம். மூன்றில் ஒரு டிக்கெட்டில் எங்கோ ஓர் எழுத்து பிசகும். பெயரில் பிசகினால் தெரிந்துவிடும். இருக்கையில் எஸ் எழுத்து 5 ஆனாலோ, பி எழுத்து 8 ஆனாலோ பார்த்தவுடன் தெரியாது.

அப்புறம் அந்தப் படம் எப்படிப்பட்டது என்பதும் இருக்கிறது. ஒரே டிக்கெட்டில் இரண்டு மூன்று பேர் பெயர் இருந்தால், பெயர் ஒரு பக்கமும் இருக்கை எண் மறு பக்கமும் அட்டவணையாக வரும். காகிதம் மடிந்திருந்தாலோ, படத்தைச் சாய்வாக எடுத்திருந்தாலோ வரிசை வளைந்து, இரண்டாமவரின் இருக்கை முதலாமவருக்குப் போய்விடும். அதனால் முதலில் டிக்கெட்டின் நான்கு மூலைகளையும் கண்டுபிடித்துப் படத்தை நிமிர்த்த வேண்டும், அப்புறம்தான் எழுத்தைப் படிக்க வேண்டும். ஒரு மூலை விரலுக்குள் மறைந்திருந்தாலும் இது கெட்டுப்போகும். வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான சீட்டு என்றால் வெயிலிலும் பிளாஸ்டிக் உறையிலும் வைத்தே மங்கிவிடும். மங்கிய எழுத்தை எந்தச் செயலியும் திரும்பக் கொண்டுவராது. ஆகவே சீட்டு கைக்கு வந்ததுமே படம் எடுங்கள் என்று வாசகர்களிடம் சொல்லியிருக்கலாம். ஃபிளாஷ் போட்டு எடுக்கச் சொன்னீர்கள். அந்த வழவழப்புச் சீட்டில் ஃபிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு விழுந்து, கட்டணம் இருக்கும் இடமே காணாமல் போகும்.

பார்கோடு பற்றி முன்பு ஒரு முறை உங்களுக்கு எழுதினேன். பிரசுரமாகவில்லை, அதற்கு வருத்தமில்லை. ஆனால் சென்ற இதழ் கட்டுரையிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதுதான் வருத்தம். டிக்கெட்டில் க்யூஆர் குறியீடு இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். கொஞ்சம் அழுக்கோ கிழிசலோ இருந்தாலும் தானே திருத்திக்கொள்ளும் வசதி அதில் உண்டு. மிக உயர்ந்த நிலையில் சுமார் 30 சதவீதச் சேதம் வரை தாங்கும். சில டிக்கெட்டுகளில் முழு விவரமும் அதற்குள் இருக்கும், சிலவற்றில் முன்பதிவு எண் மட்டும்தான் இருக்கும். முழு விவரம் இருந்தால், அதையும் அச்சில் படித்ததையும் ஒப்பிட்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

எங்கள் ஊழியரின் டிக்கெட்டுக்கு இத்தனைகூடத் தேவைப்பட்டிருக்காது. எந்தத் தேதிக்குப் பக்கத்திலோ மேலேயோ "பயணம்", "ஏறும் நாள்" என்று எழுதியிருக்கிறது என்று பார்த்து எடுத்திருந்தால் போதும். அதையும் தாண்டிச் சந்தேகம் இருந்தால், அச்சாகியிருந்த ஞாயிறு காட்டிக்கொடுத்திருக்கும்: 2026 ஏப்ரல் 5 ஞாயிறு, மார்ச் 4 புதன். 05/04-ஐத் தப்பாக மே 4 என்று எடுத்திருந்தாலும் அது திங்கள், உடனே பிடிபட்டிருக்கும். கட்டணத்துக்கும் இப்படியே. அடிப்படைக் கட்டணம், முன்பதிவுக் கட்டணம், வரி மூன்றும் கூடினால் மொத்தத் தொகை வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஓர் இலக்கம் தப்பு, அல்லது ஒருவருக்கான கட்டணத்தை எல்லோருக்குமானது என்று எடுத்துவிட்டார்கள். இந்தக் கூட்டலும் கிழமைப் பொருத்தமும் செயலியே செய்யக்கூடியவை. செய்து பார்த்து ஒத்துவராத டிக்கெட்டை மட்டும் மனிதரிடம் அனுப்பினால், எங்களைப் போன்றவர்களுக்கு வேலையும் குறையும், யாரையும் பொய்யர் என்று சொல்ல வேண்டியும் வராது.

படிக்க முடியாத இடத்தைக் காலியாக விடும் செயலியைக் குறை சொல்லி உங்கள் பத்திரிகையில் ஒரு முறை எழுதியிருந்தார்கள். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. தெரியாததைக் காலியாக விட்டால் நான் அசல் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். ஊகித்து நிரப்பிவிட்டால் கேட்கத் தோன்றாது, அந்தத் தவறு அப்படியே கணக்கில் ஏறிவிடும்.

நீங்கள் பெரிய மறுப்பு எதுவும் போட வேண்டாம். தொழில்நுட்பப் பக்கத்தில் மூலையில் நாலு வரி இடம் கொடுங்கள். நான்கு மூலையும் தெரிய ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கவும், அனுப்பும் முன் பயணத் தேதியையும் மொத்தக் கட்டணத்தையும் ஒரு முறை கண்ணால் பார்க்கவும், பணம் வந்து சேரும்வரை அசல் சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கவும் சொல்லுங்கள். அடுத்த இதழிலேயே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
பயண பில் சரிபார்க்கும் வாசகர்