மெயிலை நேரம் குறித்து அனுப்ப முடியவில்லை என்றால், முதலில் கணக்கைப் பாருங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல், ஷூ ஏற்றுமதி அலுவலகம் நடத்தும் முதலாளிகளுக்கும், அவர்களுக்கு மெயில் கணக்கு வாங்கிக் கொடுக்கும் ஐ.டி. பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் அலுவலகங்களுக்கு கம்ப்யூட்டர் வேலை பார்க்க வந்துபோகிறவன் நான். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரே கேள்வி வருகிறது: "பக்கத்து கம்பெனியில் மெயிலை நேரம் குறித்து அனுப்புகிறார்களே, எங்கள் அவுட்லுக்கில் ஏன் அந்த பட்டனே இல்லை?" வந்த மெயிலைத் தள்ளிவைத்து, சொன்ன நேரத்தில் மறுபடி மேலே கொண்டுவரும் ஸ்னூஸ் பட்டனைப் பற்றியும் இதே புகார்தான். உடனே அவுட்லுக் பழசு, புதுசு போடுங்கள் என்கிறார்கள். சில இடங்களில் அது சரி. பல இடங்களில் கோளாறு மென்பொருளில் இல்லை. வாங்கிய கணக்கில் இருக்கிறது. கணக்கை வாங்குவது நீங்கள், அவதிப்படுவது மெர்ச்சண்டைசர் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நேரம் குறித்து அனுப்புவது சொகுசு என்று சிலர் நினைக்கிறீர்கள். இத்தாலி பையருக்குக் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. நம் ஆட்கள் காலை பத்து மணிக்குத் தட்டி அனுப்பினால் அது அங்கே அலுவலகம் திறக்குமுன் போய், மற்ற மெயில்களுக்கு அடியில் கிடக்கும். பையர் நாற்காலியில் உட்காரும் நேரத்துக்கு மேலே வந்து நிற்கவேண்டும். அதற்குத்தான் இது.

ஒரு ஷூ அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை மாலை, சாம்பிள் ஜோடிக்கு அப்ரூவல் கேட்கும் மெயிலை அங்கிருந்த பெண் தயார் செய்திருக்கிறார். பழைய அவுட்லுக், அதாவது கிளாசிக். நியூ மெயிலைத் திறந்து, Options தாவலில் Delay Delivery அழுத்தி, Do not deliver before என்ற இடத்தில் திங்கள் 12.30 என்று போட்டு, Close, பிறகு Send. எல்லாம் முறைப்படிதான். (அந்தக் கட்டத்தில் தானாக வந்து நிற்பது அன்றைய மாலை 5 மணி. அதை மாற்ற மறப்பவர்களும் உண்டு.) மெயில் அவுட்பாக்ஸில் போய் உட்கார்ந்தது. திங்கள் காலை, இணைத்த படம் சரியானதுதானா என்று ஒரு சந்தேகம். அவுட்பாக்ஸில் இருந்த மெயிலைத் திறந்து பார்த்தார், சரியாகத்தான் இருந்தது, மூலையில் இருந்த X-ஐ அழுத்தி மூடிவிட்டார். மதியம் மூன்று மணிக்கு எனக்கு போன்: "இன்னாணா இது, அனுப்புனது இன்னும் இங்கயே கீது?"

கிளாசிக் அவுட்லுக்கில் அனுப்பக் காத்திருக்கும் மெயிலின் தலைப்பு அவுட்பாக்ஸில் சாய்ந்த எழுத்தில் இருக்கும். அதைத் திறந்து, மறுபடி Send கொடுக்காமல் மூடினால், எழுத்து நேராகிவிடும். நேரான எழுத்து என்றால் வரிசையிலிருந்து விலகிவிட்டது என்று அர்த்தம். குறித்த நேரம் வந்தாலும் போகாது. எச்சரிக்கை எதுவும் வராது. திறந்து மீண்டும் Send கொடுத்தால் சரியாகிவிடும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தாலே பாதி போன்கள் எனக்கு வராது.

அவர் திறந்து பார்க்காமலே இருந்திருந்தாலும் இன்னொரு ஆபத்து இருந்தது. அந்த அலுவலகத்தின் கணக்கு, வெப்சைட் ஹோஸ்டிங்கோடு சேர்த்துக் கொடுத்த ஐமேப் கணக்கு. ஐமேப் கணக்கிலோ, மெயிலை கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பாப் கணக்கிலோ Delay Delivery போட்டால், மெயில் போகும்வரை அவுட்லுக் திறந்தே இருக்கவேண்டும். இது மைக்ரோசாஃப்டே சொல்லும் நிபந்தனை. 12.30-க்குக் கரண்ட் போனாலோ, யாராவது அவுட்லுக்கை மூடியிருந்தாலோ மெயில் அங்கேயே நிற்கும். அப்புறம் எப்போது திறக்கிறோமோ அப்போது கிளம்பும்.

காரணம் எளிது. ஐமேப் என்பது மெயிலைப் படிக்க, அடுக்கிவைக்க இருக்கும் வழி. அனுப்புவதை எஸ்எம்டிபி என்ற வேறொரு வழி செய்கிறது. அது கொடுத்த கையோடு அனுப்பிவிடும். "இதை வைத்திரு, திங்கள் மதியம் அனுப்பு" என்று சர்வரிடம் சொல்வதற்கு ஒரு விரிவாக்கத்தை 2007-இலேயே வகுத்துவிட்டார்கள், RFC 4865 என்ற ஆவணத்தில். ஆனால் அவுட்லுக்கும், தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளும் அதைக் கேட்பதில்லை, ஜிமெயிலின் எஸ்எம்டிபி சர்வரும் அந்த வசதி இருப்பதாகச் சொல்வதில்லை. ஆகவே காத்திருக்கும் வேலை உங்கள் மேஜை கம்ப்யூட்டரின் தலையில் விழுகிறது. தபால்பெட்டியில் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட கடிதம் மாதிரிதான்.

மெயில் சர்வரிலேயே காத்திருக்கும் இடங்கள் வேறு. மைக்ரோசாஃப்ட் 365 கணக்கோ அவுட்லுக்.காம் கணக்கோ இருந்து, அதை பிரவுசரிலோ நியூ அவுட்லுக்கிலோ திறந்தால், Send பட்டனுக்குப் பக்கத்து அம்புக்குறியில் Schedule send இருக்கும். அங்கே குறித்த மெயில் Drafts ஃபோல்டரில் நிற்கும், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஜிமெயிலிலும் அப்படியே. 2019 ஏப்ரல் முதல் Schedule send இருக்கிறது. இலவசக் கணக்கு, ஒர்க்ஸ்பேஸ் கணக்கு இரண்டிலும், பிரவுசரிலும் போன் ஆப்பிலும். ஒரே நேரத்தில் 100 மெயில்வரை குறித்துவைக்கலாம். குறித்த நிமிடத்துக்கே போகும் என்று இல்லை, சில நிமிடம் தாமதம் ஆகலாம். இடையில் திருத்தவேண்டுமென்றால் Cancel send கொடுத்துத் திருத்தி, நேரத்தை மறுபடி போடவேண்டும்.

இங்கேதான் பலரும் குழம்புகிறீர்கள். ஜிமெயில் கணக்குதானே, அதையே கிளாசிக் அவுட்லுக்கில் இணைத்துவிட்டோமே, அந்த வசதி ஏன் வரவில்லை என்கிறீர்கள். இணைத்தது ஐமேப் வழியாக. ஜிமெயிலின் சொந்த வசதிகள் அந்த வழியில் வராது. இருக்கும் கணக்கை வைத்தே இதைச் செய்யலாம்: நேரம் குறிக்கவேண்டிய மெயிலை மட்டும் பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து எழுதட்டும். புதிதாக ஒரு பைசா செலவு இல்லை.

சின்ன யூனிட்டுகளில் இலவசம் என்பதால் தண்டர்பேர்ட் வைத்திருக்கிறீர்கள். அதன் File மெனுவில் Send Later என்று ஒன்று உண்டு, அதை நம்பாதீர்கள். அது நேரம் கேட்காது. மெயிலை அவுட்பாக்ஸில் வைக்கும், Send Unsent Messages கொடுக்கும்வரை அங்கேயே இருக்கும். நேரம் குறிக்க அதே Send Later என்ற பெயரில் தனியாக ஓர் ஆட்-ஆன் இருக்கிறது. நன்றாக வேலை செய்கிறது, ஆனால் அதற்கும் தண்டர்பேர்ட் திறந்திருக்கவேண்டும்.

இனி ஸ்னூஸ். "இந்த மெயிலை இப்போது கண்ணிலிருந்து எடு, வியாழன் காலை மேலே கொண்டு வா" என்பது. கிளாசிக் அவுட்லுக்கில் மெயிலுக்கு இந்த வசதி கிடையாது, எந்தக் கணக்கு வைத்தாலும் கிடையாது. ரிமைண்டர் பெட்டியில் தெரியும் Snooze வேறு. 365 கணக்கை பிரவுசரிலோ நியூ அவுட்லுக்கிலோ போன் ஆப்பிலோ திறந்தால் இருக்கிறது. மெயில் Snoozed ஃபோல்டருக்குப் போய், சொன்ன நேரத்தில் இன்பாக்ஸுக்குத் திரும்பும். கிளாசிக்கை விட மனசில்லாதவர்களுக்கு ஒரு மாற்று: மெயிலை இழுத்து காலண்டர் ஐகான்மேல் விடுங்கள். மெயிலின் வாசகத்தோடு ஓர் அப்பாயின்ட்மென்ட் திறக்கும், தேதியும் நேரமும் போட்டு சேமித்தால் அன்றைக்கு ரிமைண்டர் அடிக்கும். இன்பாக்ஸ் காலியாகாது, ஆனால் பையர் கேட்ட விலை மறந்துபோகாது.

ஸ்னூஸ் வந்தபிறகு நான் பார்த்த தொல்லை ஒன்று. எக்ஸ்போர்ட் மெயிலுக்கு ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு, மூன்று பேர். ஒருவர் ஸ்னூஸ் போட்டால் மற்ற இருவரின் இன்பாக்ஸிலிருந்தும் அது போய்விடும், ஏனென்றால் அது கணக்கில் நடக்கும் மாற்றம். "மெயிலை யாரோ அழித்துவிட்டார்கள்" என்று அங்கே ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்தது. ஆளுக்கொரு கணக்கு கொடுக்காமல் ஸ்னூஸைப் பழக்காதீர்கள்.

நான் கேட்பது இதுதான். முதலில் உங்களிடம் என்ன கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். கிளாசிக் அவுட்லுக்கில் File, அதில் Account Settings, மறுபடி Account Settings. வரும் பட்டியலில் Type என்ற பத்தியில் POP/SMTP, IMAP/SMTP அல்லது Microsoft Exchange என்று எழுதியிருக்கும். முதல் இரண்டில் ஒன்று என்றால், அவுட்லுக்கைப் புதுப்பிக்கப் பணம் கட்டுவதால் மட்டும் இந்தப் பிரச்சினை தீராது. கணக்கை மாற்றுவதென்றாலும் எல்லோருக்கும் மாற்றத் தேவையில்லை. கட்டிங், குடோன், சம்பளக் கணக்குப் பிரிவுகளுக்குப் பழைய ஐமேப்பே போதும். பையருக்கு எழுதும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் 365 பிஸினஸ் பேஸிக் வாங்குங்கள். அதில் கிளாசிக் அவுட்லுக் வராது, பிரவுசரிலும் போன் ஆப்பிலும் வேலை பார்க்கலாம். நமக்கு வேண்டிய இரண்டு பட்டன்களும் அங்கேதானே இருக்கின்றன. ஒரே டொமைனில் பாதிப் பேர் ஹோஸ்டிங் சர்வரிலும் பாதிப் பேர் 365-லும் இருக்க, மெயில் ரூட்டிங் தனியாக அமைக்கவேண்டும். அதைச் செய்யத் தெரியுமா என்று ஐ.டி. ஆளிடம் வாங்குமுன்னே கேட்டுவிடுங்கள். தெரியாதென்றால் அந்த மூவருக்கும் துணை டொமைனில் கணக்கு போடுவது சுலபம்.

நேரம் போடும் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். அக்டோபர் கடைசி சனிக்கிழமை உட்கார்ந்து, வழக்கம்போல் திங்கள் 12.30 என்று குறித்தால், மெயில் அங்கே காலை 8 மணிக்கே போய்விடும். அந்தத் திங்களிலிருந்து 1.30 என்று போடவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அலுவலகங்களுக்கு வந்துபோகும் கம்ப்யூட்டர்காரன், வேலூர்