மீடியேட்டர் அட்டவணை மட்டும் போதாது சார்

ஆசிரியருக்கு வணக்கம். போன இதழ்ல மருத்துவ மாணவர் பக்கத்துல வந்த இன்ஃப்ளமேஷன் கட்டுரைய படிச்சேன். நான் பேத்தாலஜி டியூட்டர், செகண்ட் இயர் பசங்க தியரி பேப்பர் திருத்துறவன், அதனால சும்மா இருக்க முடியல. கட்டுரைல பாதி பக்கத்துக்கு மீடியேட்டர் அட்டவணை, கீழ "அக்யூட் நீடிச்சா குரோனிக்"னு ஒரு வரி. இத அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு வர்ற பையன் பேப்பர்ல பதினஞ்சு பேரு வரிசையா இருக்கும், ஆனா எது எப்போ எந்த இடத்துல வேலை செய்யுதுன்னு ஒரு வரி இருக்காது.

நான் கிளாஸ்ல அப்பெண்டிக்ஸ வச்சுதான் ஆரம்பிப்பேன். காலேஜ் படிக்கிற பையன், நேத்து சாயங்காலம் தொப்புள சுத்தி வலி, காலைல வலி வலது பக்கம் கீழ இறங்கிடுச்சு, லேசா காய்ச்சல். உள்ள மலக்கட்டி அடைச்சு பாக்டீரியா பெருகிருக்கு. மொதல்ல மாஸ்ட் செல் ஹிஸ்டமின கொட்டுது, ஆர்டீரியோல் விரியுது, சிவப்பும் சூடும் அதனாலதான். அதே ஹிஸ்டமின் போஸ்ட் கேப்பிலரி வெனியூல்ல எண்டோதீலியல் செல்ல சுருங்க வைக்குது, நடுவுல இடைவெளி விழுந்து புரோட்டீன் நிறைஞ்ச எக்ஸுடேட் வெளிய வருது, அதான் வீக்கம். வெனியூல்னு எழுதாம கேப்பிலரின்னு எழுதறவங்கதான் அதிகம், நான் அங்க சிவப்பு மையில சுழிச்சிடுவேன்.

அடுத்து மேக்ரோஃபேஜ் விடுற டிஎன்எஃப், இன்டர்லூக்கின் 1 ரெண்டும் எண்டோதீலியத்துல செலக்டின வெளிய நீட்ட வைக்குது, நியூட்ரோஃபில் அதுல ஒட்டி ஒட்டி உருளுது, அப்புறம் இன்டெக்ரின் ஐகேம்-1ஓட கெட்டியா பிடிச்சுக்கும், பீகேம்-1 வழியா வெளிய நுழையும், வெளிய போனதும் சி5ஏ, லூக்கோட்ரையீன் பி4, இன்டர்லூக்கின் 8 எங்க அதிகமோ அந்தப் பக்கம் ஊர்ந்து போகும். இந்த இன்டெக்ரின்ல சிடி18 குறையோட பொறக்குற குழந்தைக்கு ரத்தத்துல நியூட்ரோஃபில் எக்கச்சக்கமா இருக்கும், ஆனா புண்ணுல சீழ் கட்டாது, தொப்புள்கொடி விழவும் ரொம்ப தாமதமாகும். இந்த ஒரு உதாரணத்த எழுதினா பையன் புரிஞ்சுதான் எழுதறான்னு திருத்துறவருக்கு தெரிஞ்சிடும். வலிக்கு பிராடிகைனின், புரோஸ்டாகிளாண்டின் ஈ2, காய்ச்சலுக்கு ஹைப்போதலாமஸ்ல அதே ஈ2, இத தனி பாராவா இழுக்க வேணாம், அந்தப் பையனோட அறிகுறி பக்கத்துலயே எழுதிடலாம்.

எடுத்த அப்பெண்டிக்ஸ ஸ்லைடுல பாத்தா மஸ்குலாரிஸ் புரோப்ரியாவுல நியூட்ரோஃபில் இருக்கணும், அப்போதான் அக்யூட் அப்பெண்டிசைட்டிஸ்னு எழுதுவோம், மியூகோசாவுல நாலு தெரிஞ்சா பத்தாது. பொதுவா 6 - 24 மணி நேரத்துல நியூட்ரோஃபில், 24 - 48 மணி நேரத்துல மோனோசைட். ஆனா டைபாய்டுல இந்தக் கணக்கு உதவாது. காய்ச்சல் புதுசுதான், பேயர்ஸ் பேட்ச்ல பாத்தா மேக்ரோஃபேஜ்தான் கூட்டமா இருக்கும், நியூட்ரோஃபில தேடணும்.

இப்போ அந்த "நீடிச்சா குரோனிக்" வரி. கழுத்துல வலியில்லாத கட்டியோட வர்ற டிபி நோட எடுத்துக்கோங்க. அங்க மொதல்ல அக்யூட் வந்து அது ஆறாம போய்தான் குரோனிக் ஆச்சுன்னு இல்ல, ஆரம்பமே சத்தமில்லாமதான். மேக்ரோஃபேஜ் கிருமிய விழுங்கிடும், ஆனா கிருமி ஃபேகோசோமும் லைசோசோமும் சேர விடாது, உள்ளயே உக்காந்துக்கும். அப்போ இன்டர்லூக்கின் 12 போய் டி ஹெல்பர் 1 செல்ல உருவாக்கும், அது இன்டர்ஃபெரான் காமாவ விடும், அதுல உசுப்பேறின மேக்ரோஃபேஜ்தான் எபிதீலியாய்டு செல்லா மாறுது, சிலது ஒண்ணு சேந்து ஜயண்ட் செல் ஆகுது, நடுவுல கேசியேஷன், சுத்தி லிம்ஃபோசைட்.

இங்கயும் டிஎன்எஃப் வருது பாருங்க, ஆனா வேலை வேற. அப்பெண்டிக்ஸ்ல கதவ தொறந்து விட்ட அதே ஆளு இங்க கிரானுலோமா கலையாம புடிச்சு வச்சிருக்கு. அதனாலதான் முடக்குவாதத்துக்கு டிஎன்எஃப்ப தடுக்கிற இன்ஃப்ளிக்ஸிமாப் மாதிரி மருந்து போடறதுக்கு முன்னாடி உள்ள டிபி பதுங்கியிருக்கான்னு டெஸ்ட் எடுக்கறாங்க. உங்க அட்டவணைல டிஎன்எஃப் அக்யூட் பக்கத்துல மட்டும்தான் இருந்துச்சு.

கடைசியா இன்னொண்ணு. படத்துக்குக் கீழ லாங்கர்ஹான்ஸ் ஜயண்ட் செல்னு போட்டிருக்கீங்க, அது லாங்ஹான்ஸ். லாங்கர்ஹான்ஸ் செல் தோல்ல இருக்கறது, ஆளே வேற. அதோட படத்துல நியூக்ளியஸ் எல்லாம் நடுவுல சிதறி கிடக்கு, அப்படி இருந்தா அது ஃபாரின் பாடி ஜயண்ட் செல், லாங்ஹான்ஸ்னா ஓரமா குதிரை லாட மாதிரி அடுக்கணும். அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுடுங்க, இன்டர்னல் எக்ஸாம் வருது, பசங்க அத பாத்துதான் வரைவாங்க.

இப்படிக்கு,
பேத்தாலஜி டியூட்டர் ஒருவர், மதுரை