முதலை அடைத்த கதை

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

உன் கதை என் மேசைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு வரி பதில் போடவில்லை. கோபமாக இருப்பாய், இருக்கத்தான் வேண்டும். நடுவில் கண்புரை அறுவை சிகிச்சை, அப்புறம் சின்னவள் வீட்டுப் பால் காய்ச்சு. இப்போது எல்லாரும் நலம். பட்டாலைப் பெஞ்சு அப்படியேதான் கிடக்கிறது. உன் பக்கத்தில் இன்னும் யாரும் உட்காருவதில்லை.

இன்று உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் என் பேத்தி. விடுமுறைக்கு வந்திருக்கிறாள், பத்து வயது. என் கண்ணுக்குச் சிரமம் வேண்டாம் என்று உன் கதையை அவளைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். முதலை வரும் இடத்தில் வாசிக்க முடியாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரே வரி, ஒரே குரல், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர். அவள் உன் கதையைச் சொல்லும் பையன் நிற்கும் இடத்தில் நின்று கேட்டாள். நான் அவன் அப்பத்தா இருக்கும் இடத்தில் இருந்து கேட்டேன். இப்படி ஒன்றை எழுத உனக்கு வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கடைசிப் பத்தியைப் படித்ததும் உன்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் டம்ளர். வந்த ஆட்களுக்கு அப்பத்தா எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொடுக்கிறாள், பையனுக்கும் அதிலேயே. "இந்த டம்ளர் நல்ல டம்ளர். பழைய டம்ளர் மாதிரி உதட்டைச் சுடவில்லை" என்கிறான். சொக்கு, இந்த ஒரு வரிக்காக உனக்கு என்ன வேண்டுமானாலும் தரலாம். வெள்ளி டம்ளர் எப்படிச் சுடும் என்பது அதில் குடித்து வளர்ந்தவனுக்குத்தான் தெரியும். 'வெள்ளி' என்ற சொல்லையே நீ எழுதவில்லை. 'விற்றுவிட்டாள்' என்றும் எழுதவில்லை. பையன் கண்டது சரி, உதடு உணர்ந்ததும் சரி. அதற்காக அவன் சந்தோஷப்படுவதும் அவன் வயதுக்குச் சரி. நடுவில் விட்டுப்போனதை நாம் போட்டுக்கொள்கிறோம். குழந்தை சொல்லும் கதையில் அங்கதம் பிறக்கும் இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. குழந்தை முட்டாள் என்று நாம் சிரிப்பதில்லை. அவன் கண்ணை முழுக்க நம்புகிறோம், அவன் சொல்லும் காரணத்தை மட்டும் நம்ப மறுக்கிறோம்.

அதனால்தான் தூண்கள் விஷயத்தில் உன்னோடு சண்டை. ஆட்கள் வந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, டேப் பிடித்து அளந்து, சாக்பீஸால் நம்பர் போடுகிறார்கள். ரயில் பெட்டிக்கு நம்பர் போட்ட மாதிரி எங்கள் தூணுக்கும் போட்டார்கள் என்று பையன் பெருமைப்படுகிறான். அது வரை அருமை. அடுத்த நாள் லாரி வந்து பன்னிரண்டு தூணையும் ஏற்றிக்கொண்டு போகிறது. அப்போது மேலே கூரை என்ன ஆயிற்று? வளவுத் தாழ்வாரத்தின் ஓடும் உத்திரமும் அந்தப் பர்மாத் தேக்குத் தூண்களின் மேல்தானே நிற்கின்றன? கூரையை இறக்காமல் பன்னிரண்டு தூணையும் உருவ முடியாது. நம் ஊர்ப் பக்கம் எத்தனை வீடு பிரித்துப் பார்த்திருக்கிறோம். முதலில் ஓட்டை இறக்குவார்கள், பிறகு கைமரம், பிறகு உத்திரம், கடைசியில்தான் தூண். இது என்ன பெரிய விஷயம் என்று கேட்பாய். பையன் காரணத்தில் தப்பு செய்யலாம், கண்ணால் கண்டதில் தப்பு செய்யக் கூடாது. இங்கே அவன் கண் பொய் சொன்னால் டம்ளரையும் நான் சந்தேகப்படுவேன். 'வளவுக் கூரை ஒழுகுகிறது என்று ஓட்டை இறக்கினார்கள்' என்று முன்னால் ஒரு வரி சேர். "இனிமேல் பட்டம் விட்டால் ஓட்டில் மாட்டாது" என்று அவனே சந்தோஷப்பட்டுக்கொள்வான்.

அப்பத்தா "கண்ணில் தூசி" என்று சொல்லும் இடத்தை எடுத்துவிடு. கதைகளில் அழுகிற பெரியவர் எல்லாருக்கும் கண்ணில் தூசிதான் விழுகிறது. அதைப் பார்த்ததுமே வாசகன் 'ஓகோ, இங்கே கவனிக்க வேண்டும் போல' என்று உஷாராகிவிடுகிறான். பையன் தெரியாமல் சொன்னதாக அது இல்லை, நீ பின்னால் நின்று கிள்ளிவிட்டதாகத் தெரிகிறது. அவள் பகலிலேயே உள்வீட்டைப் பூட்டிக்கொண்டாள் என்பதை அவன் சொல்லியிருக்கிறான், அதுவே தாங்கும்.

இப்போது முதலை. அப்பத்தாவுக்குக் கண் மங்கல், அதனால் மதராஸிலிருந்து வரும் அப்பச்சியின் கடிதத்தைப் பையன் படித்துக் காட்டுகிறான். "இந்த ஆடிக்குள் முதலை அடைத்துவிட்டால் மூச்சு விடலாம்." பையன் நமக்குச் சொல்கிறான்: "அப்பச்சி மதராஸில் ஒரு முதலை வைத்திருக்கிறார். அது வெளியே திரிகிறது. ஆடிக்குள் பிடித்து அடைக்க வேண்டும்." பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லி அவனுக்குப் பெரிய மரியாதை.

எவ்வளவு யோசித்திருக்கிறாய்! 'முதல்' ஐகாரம் ஏறினால் முதலை. தண்ணீரில் கிடப்பதும் முதலை. அடைப்பதும் கடனுக்கும் பொருந்தும், கூண்டுக்கும் பொருந்தும். எழுத்தில் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. குழந்தையின் தப்பு இப்படி மொழிக்குள்ளேயே நியாயம் உள்ளதாக இருந்தால்தான் நாம் அதை ஏற்றுக்கொள்கிறோம். பெரியவர்கள் வேடிக்கைக்காகக் குழந்தை வாயில் திணித்த மழலை என்றால் உடனே தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, கவனித்தாயா? பையனுக்கு ஒன்பது வயது என்று எழுதியிருக்கிறாய். செட்டிநாட்டு வளவில் வளரும் பிள்ளை ஒன்பது வயதில் முதல் எது, வட்டி எது என்று தெரியாமல் இருப்பானா? அந்த வயதில் உன்னை முகப்பில் உட்கார வைத்து உங்கள் ஐயா வட்டிக் கணக்குப் போட வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். வேறு ஊர்ப் பிள்ளை என்றால் நம்பலாம், நம் ஊர்ப் பிள்ளையை நம்ப முடியாது. வயதை ஆறாக்கு. அப்போது எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். 'மு... த... லை' என்று அவன் கூட்டும்போதே முதலை வந்துவிடும். வாசகன் கண் முன்னாலேயே தப்பு நடக்கும். அப்பத்தா திருத்தாமல் இருப்பதற்கும் காரணம் கிடைக்கும்: அவளுக்கு வார்த்தை சரியாகத்தான் காதில் விழுகிறது, அவன் என்ன நினைத்துக்கொண்டான் என்பது அவளுக்குத் தெரியாது. அவளுக்கும் அவனைப் பற்றித் தெரியாத ஒன்று இருக்கிறது, பார்.

எல்லாக் குழந்தைக் கதையும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின்னுக்கு நடப்பதெல்லாம் நன்றாகத் தெரியும். தப்பி ஓடி வந்த அடிமை ஜிம் எங்கே இருக்கிறான் என்று அவனுடைய எஜமானிக்குக் கடிதம் எழுதி வைக்கிறான், பிறகு கிழித்துப் போடுகிறான். அப்படிக் கிழிப்பது பாவம், நரகத்துக்குப் போவோம் என்று மனதார நம்பிக்கொண்டேதான் கிழிக்கிறான். அங்கே தப்பு கண்ணிலும் இல்லை, காரணத்திலும் இல்லை. ஊர் கற்றுக்கொடுத்த பாவ புண்ணியக் கணக்கு தப்பு. அதை வாசிக்க வேறு காது வேண்டும். உன் பையன் அந்த வகை இல்லை, அவனை அங்கே இழுக்காதே. அண்டை வீட்டாரிடம் பொய் சொல்வது பாவமா என்று அவன் யோசிக்கும் அந்த அரைப் பக்கம் வேறு ஒரு கதையிலிருந்து வந்தது போல் இருக்கிறது.

சரி, கடைசிப் பத்தி. "பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, அப்பச்சியின் கடனுக்காக அப்பத்தா வீட்டையே..." ஏன் எழுதினாய்? யாருக்குப் புரியாது என்று பயந்தாய்? டம்ளரிலிருந்து தூண் வரைக்கும் வாசகன் ஒவ்வொன்றாகத் தானே பொறுக்கிச் சேர்த்து வைத்திருக்கிறான், நீ வந்து அவன் கையிலிருந்ததைத் தட்டிவிட்டுப் பட்டியல் வாசிக்கிறாய். அதைவிட மோசம், வளர்ந்த மனிதன் குரல் உள்ளே வந்ததும் அதற்கு முன்னால் பேசிய பையனும் காணாமல் போகிறான். இவ்வளவு நேரம் தெரிந்துகொண்டே தெரியாதவன் மாதிரி பேசினானா என்று ஆகிவிடுகிறது. நடுவில் மூன்று இடத்தில் "என்று நான் நினைத்தேன்" என்று வருகிறது பார், அதுவும் இதே வியாதிதான். 'நினைத்தேன்' என்றாலே இப்போது அப்படி நினைக்கவில்லை என்று ஆகிறது. அவன் நினைக்கக் கூடாது, சொல்ல வேண்டும்.

இதை எழுதத்தான் மூன்று மாதமாகத் தயங்கினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேத்தி வாசிக்கும்போது, கண்ணால் படித்தபோது நழுவிப்போன ஒன்று காதில் விழுந்தது. கதை முழுக்கப் பையன் "மராமத்துக்குக் கொண்டுபோனார்கள்" என்கிறான். அண்டா போனபோதும், பெல்ஜியம் கண்ணாடி போனபோதும், தூண் போனபோதும் அதே சொல். அப்பத்தா சொன்னதை அப்படியே தன் சொல்லாக்கிக்கொண்டிருக்கிறான். கடைசிப் பத்திக்கு முந்தின வரியில் எதிர்வீட்டு ஆச்சி, "தூணெல்லாம் எங்கேடா?" என்று கேட்கிறாள். அவன் சொல்கிறான்: "மராமத்துக்காம்."

ஆம்!

நம் மொழியில் மழை பெய்தது என்பதற்கும் பெய்ததாம் என்பதற்கும் உள்ள தூரம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'ஆம்' என்றால் நம்பவில்லை என்று கட்டாயம் இல்லை. அவர்கள் சொல்கிறார்கள், நான் பொறுப்பில்லை என்பதுதான் அதன் அளவு. மூன்று முறை பொறுப்பேற்றுக்கொண்ட பையன் நான்காவது முறை பொறுப்பை இறக்கி வைக்கிறான். அவனுக்குத் தெரிந்துவிட்டதா, அல்லது தெரிய ஆரம்பிக்கிறதா, அல்லது பெரியவர்கள் பேசுகிற மாதிரி பேசிப் பார்க்கிறானா? எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த ஓரசையில் கதை முடிந்துவிட்டது, சொக்கு. அதற்குப் பிறகு நீ எழுதிய பத்து வரியும் அதை மூடி மறைக்கிறது.

எனக்கு உள்ள ஒரே பயம், அதை நீ தெரிந்து எழுதினாயா, தட்டச்சு செய்தவர் கை தவறி விழுந்ததா என்பது. கை தவறியதாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும், தொடாதே.

மாசி மாதம் வருகிறாய் அல்லவா? திருத்திய பிரதியை அதற்கு முன்னால் அனுப்பு. பேத்தி தினமும் காலையில் கேட்கிறாள், "ஐயா, அந்தப் பையனுக்குத் தெரியுமா, தெரியாதா?" உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பதில் போடு.

உன்,
மாணிக்கம்