சப்பாத்தி காய்ந்து போவது எங்கே தொடங்குகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சப்பாத்தி மென்மையாக இருக்க, மாவில் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் பிசையச் சொல்லும் குறிப்பை உங்கள் சமையல் பகுதியில் படித்தேன். எண்ணெய் ஓரளவு உதவும். ஆனால் சப்பாத்தி வரட்டியாவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான். ஒன்று, மாவுக்குத் தண்ணீர் போதவில்லை. இன்னொன்று, சேர்த்த தண்ணீரும் கல்லில் ஆவியாகிவிட்டது. எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் இவை இரண்டும் சரியாகாது.

250 கிராம் கோதுமை மாவை எடுத்துக்கொள்வோம். மாவைப் பொறுத்து இதற்கு 160 முதல் 175 மில்லி வரை தண்ணீர் பிடிக்கும். முதலில் 140 மில்லி ஊற்றிக் கலந்துவிட்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்க வேண்டும். பலரும் மாவு உருண்டையாகத் திரண்டவுடன் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது அது கெட்டியாகத்தான் இருக்கும். இன்னும் சிறிது தண்ணீர் தொட்டு, விரலில் லேசாக ஒட்டும் பதம் வரும்வரை போக வேண்டும். முழுக் கோதுமை மாவில் தவிடு இருக்கிறது. அது தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். பிசையும்போது சரியாகத் தோன்றும் மாவு அரை மணி நேரத்தில் இறுகிவிடுவது இதனால்தான்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். கை தாராளமாகப் பொறுக்கும் சூடு, அதாவது 40 முதல் 45 டிகிரி செல்சியஸ் போதும். இந்தச் சூட்டில் மாவு தண்ணீரைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும், பிசையவும் எளிது. கொதிக்கும் நீரை ஊற்றினால் மாவுச்சத்தின் ஒரு பகுதி அங்கேயே வெந்து கூழாகிவிடும். கோதுமைக்கு இழுவை தரும் குளூட்டனும் சரியாக உருவாகாது. அப்படிப்பட்ட மாவு பலகையில் ஒட்டும், தேய்க்கும்போது கிழியும்.

அப்புறம், எட்டு முதல் பத்து நிமிடம் உள்ளங்கையால் அழுத்தி, மடித்துப் பிசைய வேண்டும். மேற்பரப்பு வழவழப்பாகி, விரலால் அழுத்திய பள்ளம் மெதுவாக மேலெழுந்தால் பதம் வந்துவிட்டது. உடனே தேய்க்கத் தொடங்காமல், ஈரத்துணி போட்டு மூடி 20 முதல் 30 நிமிடம் விட வேண்டும். பிசைந்ததில் விறைத்துக்கொண்ட குளூட்டன் அதற்குள் தளர்ந்துவிடும், தவிடும் ஊறிவிடும். ஊறவில்லை என்பது தேய்க்கும்போதே தெரியும்: வட்டம் விரிந்தபின் மறுபடி சுருங்கிக்கொண்டே வரும். நாம் இன்னும் அழுத்துவோம், ஓரம் தடிமனாகவும் நடு மெலிந்தும் போகும். அந்தச் சப்பாத்தி ஒரே சீராக வேகாது, உப்பவும் செய்யாது.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டுக் கல்லில் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். கருகிவிடுமோ என்ற பயத்தில் தீயைக் குறைத்துவிடுகிறார்கள். சூடு குறைந்த கல்லில் சப்பாத்தி வேக மூன்று நான்கு நிமிடம் ஆகிறது. அத்தனை நேரமும் அதன் ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். நிறம் வெளுப்பாக, புள்ளிகளே இல்லாமல், மடித்தால் விரிசல் விடும்படி வந்தால் கல் காயவில்லை என்று அர்த்தம். கனமான இரும்புக் கல் நடுத்தரத் தீயில் நன்றாகக் காய நான்கைந்து நிமிடமாவது வேண்டும். ஒரு சிட்டிகை மாவைத் தூவினால் சில நொடிகளில் அது பழுப்பாக வேண்டும். உடனே கறுத்துப் புகைந்தால் சூடு அதிகம், கொஞ்சம் தணிக்கலாம்.

காய்ந்த கல்லில் முதல் பக்கம் 15, 20 நொடி போதும். நிறம் மாறி, சிறு கொப்புளம் எழுந்ததும் திருப்பிவிட வேண்டும். அடுத்த பக்கத்தை 30, 40 நொடி விட்டுப் பழுப்புப் புள்ளிகள் வரவிடலாம். மறுபடி திருப்பித் துணியால் ஓரங்களை மெல்ல அழுத்தினால், உள்ளே அடைபட்ட நீராவி சப்பாத்தியை உப்ப வைத்து உட்புறத்தையும் வேக வைக்கும். எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். தேய்க்கும்போது மேலே ஒட்டிய உலர்ந்த மாவைத் தட்டிவிட்டுக் கல்லில் போடுவது நல்லது. ஒவ்வொரு சப்பாத்திக்கும் இடையில் கல்லைத் துடைத்துவிட்டால், உதிர்ந்த மாவு கருகி அடுத்ததில் ஒட்டாது.

எடுத்த சப்பாத்தியைத் துணி விரித்த ஹாட் பாக்ஸில் அடுக்கி, துணியாலேயே மூட வேண்டும். ஆவி துணியில் தங்கும், சப்பாத்தி நனைந்து கூழாகாது. மீந்ததை மறுநாள் சாப்பிட வைத்தால், அதைத் தண்ணீர் தெளித்து, மறுபடி நன்றாகக் காய்ந்த கல்லில் பத்துப் பதினைந்து நொடி மட்டும் சூடாக்கிச் சாப்பிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்