ஆச்சியின் கண்ணாடி

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய ஆச்சி படம் பார்த்தேன். சிரிப்பு அப்படியே வந்திருக்கிறது. ஆனால் இரண்டு கண்ணிருக்கும் இடத்திலும் உன் வீட்டு ஜன்னல்தான் வெள்ளையாக நிற்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்மா. ஸ்டுடியோ ஆரம்பித்த புதிதில் ஒரு பெரியவரை அப்படி எடுத்தேன். மூக்கின் இருபுறமும் பள்ளமாகத் தழும்பு, பார்வை எங்கேயோ. இது எங்க அப்பாவே இல்லை என்று அவர் மகன் சொல்லிவிட்டார். அன்றோடு யாரையும் கழற்றச் சொன்னதில்லை.

வெளிச்சம் எந்தக் கோணத்தில் கண்ணாடியில் விழுகிறதோ, அதே கோணத்தில்தான் மறுபக்கம் திரும்பும். உன் படத்தில் ஆச்சியின் முகம் கேமராவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே பார்த்திருக்கிறது. அதனால் ஜன்னல் வெளிச்சம் நேராக உன் கேமராவுக்கே வந்துவிட்டது. ஃப்ளாஷ் போட்டாலும் சரியாகாது. அதுவும் ஒரு புள்ளியாக வந்து உட்காரும்.

ஜன்னலை நகர்த்த முடியாது, நாற்காலியை நகர்த்தலாம். ஜன்னல் ஆச்சிக்கு நேர் பக்கவாட்டில், தோளுக்கு நேராக வரட்டும். நீ எதிரில் நில். முதலில் முகம் உன்னை நேராகப் பார்க்கட்டும், பிறகு ஜன்னலுக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பச் சொல். ஜன்னல் பக்கம் திரும்பத் திரும்ப வெள்ளை மறுபடி ஏறும். அதை நீயே பார்க்கலாம். இப்படி உட்கார வைத்தால் மறுகன்னம் இருண்டுபோகும். அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் துண்டையோ தெர்மோகோல் அட்டையையோ கைநீட்டும் தூரத்தில் பிடித்தால் போதும். மடியில் மட்டும் வைக்காதே, அடுத்து சொல்லப்போவதற்கு அது இடைஞ்சல்.

இன்னும் லேசாகப் பளபளப்பு இருந்தால், காதில் மாட்டும் கம்பி இரண்டையும் காதுக்கு மேலே அரை விரற்கடை தூக்கி, முடியில் சாய்த்து வை. கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்து, ஜன்னலுக்குப் பதில் ஆச்சியின் சேலையைக் காட்டும். படத்தில் யாருக்கும் தெரியாது. அதற்கு மேல் தூக்கினால் மேல் ஃபிரேம் இறங்கிக் கண்மணியை வெட்டும். தாடையை ரொம்பத் தாழ்த்தினாலும் அதே கதைதான்.

ஆச்சி பேச ஆரம்பித்தால் தலையைப் பின்னால் சாய்ப்பாள், உனக்குத் தெரியுமே. அந்த நொடியில் வெள்ளை வந்துவிடும். பேசி முடித்து உன்னைப் பார்க்கும்போது அழுத்து. எடுத்த உடனே திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்: கருமணி இரண்டும் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் லேசாகப் பச்சை மினுக்கம் இருந்தால் விட்டுவிடு, அது கண்ணாடிப் பூச்சின் நிறம்.

ஆச்சியின் கண்ணாடி வெயிலில் கறுக்கிற ரகம். மாடியிலிருந்து வந்தவளை உடனே உட்கார வைக்காதே, ஒரு காபி குடிக்கட்டும், தெளிந்துவிடும். முந்தானையால் துடைக்க விடாதே, கோடு கோடாக எண்ணெய் நிற்கும். சோப்புத் தண்ணீரில் நீயே கழுவிக் கொடு.

அடுத்த ஞாயிறு காலை எடுத்து அனுப்பு. பெரிய அளவில் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்ட இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா