முதல் பத்து நிமிடத்தைத் திருப்பித் தாருங்கள்: ஆங்கிலப் பேச்சு வகுப்பின் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். தங்கள் சார்பில் ஆய்வுக்கு வந்தவர் மாலை வகுப்பைப் பார்வையிட்டுச் சென்றதையும், அதன் பின் வந்த சுற்றறிக்கையையும் தாங்கள் அறிவீர்கள் என்பதால் அவற்றை விரிவாகச் சொல்லப்போவதில்லை. வகுப்பின் தொடக்கத்தில் நாங்கள் நடத்திவந்த விளையாட்டுகளை நிறுத்திவிட்டு, கற்க வரும் ஒவ்வொருவரும் முன்னால் வந்து, ஒலிவாங்கியைப் பிடித்து, பெயர், சொந்த ஊர், கல்வித் தகுதி, தொழில், இலட்சியம் என்ற வரிசையில் ஆங்கிலத்தில் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பது உத்தரவு. அதைத் திரும்பப் பெறுமாறு கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

உத்தரவை நிறைவேற்றிய முதல் நாளில் நடந்ததைத் தாங்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயத்த ஆடை நிறுவனத்தில் தையல் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி, நாற்பது வயதைக் கடந்தவர், எட்டாம் வகுப்பு வரை படித்தவர், தம் முறை வந்ததும் எழுந்து சென்றார். பெயரையும் ஊரையும் திருத்தமாகவே சொன்னார். மூன்றாவதாகக் கல்வித் தகுதியைச் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிட்டார். அவருக்கு முன் பேசிய இருவரும் பொறியியல் பட்டதாரிகள். பின்வரிசையில் யாரோ சிரித்தது ஒலிவாங்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "ஸாரி" என்று சொல்லிவிட்டு இறங்கிய அவர் மறுநாள் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தபோது, "கம்பெனியில ஓவர்டைம் போட்டுட்டாங்க டீச்சர்" என்றார். ஓவர்டைம் உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் இதற்கு முன் ஓவர்டைம் நாள்களில்கூட அவர் தாமதமாகவேனும் வந்துவிடுவார்.

மரியாதை பற்றிய பேச்சை ஒதுக்கிவிட்டு, வெறும் கணக்காகப் பார்த்தாலும் இந்த உத்தரவு தேறாது. முப்பது பேர் இருக்கும் வகுப்பில் பத்து நிமிடத்தைப் பகிர்ந்தால் ஒருவருக்கு இருபது விநாடிதான் கிடைக்கும். ஒருவர் பேசும்போது மீதி இருபத்தொன்பது பேரும் அவரைக் கேட்பதில்லை, தம் முறைக்கான வரியை உதட்டுக்குள் உருப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே முப்பது பேரை இருவர் இருவராகப் பிரித்து நான்கு நிமிடம் பேசவிட்டால், ஒரே நேரத்தில் பதினைந்து பேர் பேசுவார்கள், ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ இரண்டு நிமிடம் கிடைக்கும். ஆய்வுக்கு வந்தவர் "கட்டுப்பாடற்ற இரைச்சல்" என்று குறித்துச் சென்றது அந்தப் பதினைந்து குரல்களைத்தான். பேச்சு வகுப்பில் பேச்சுச் சத்தம் கேட்டதைக் குறையாக எழுதிய முதல் அறிக்கை அதுவாகத்தான் இருக்கும்.

அவர் பார்த்த விளையாட்டின் உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்ல அனுமதியுங்கள். இருவர் சேர்ந்து, தங்களுக்குள் பொதுவான மூன்று செய்திகளைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிபவை கணக்கில் வராது, படிப்பு, சம்பளம், திருமணம் பற்றிக் கேட்கவும் கூடாது. முதல் நிமிடத்தில் நானும் கற்பவர் ஒருவரும் எல்லோர் முன்னும் செய்து காட்டுவோம். "டூ யூ லைக்…?", "கேன் யூ…?" என்ற இரண்டு கேள்வித் தொடக்கங்களை மட்டும் எல்லோரும் சேர்ந்து இரண்டு முறை சொல்லிப் பார்ப்பார்கள். அடுத்த நான்கு நிமிடம் இருவர் பேச்சு. பிறகு இரண்டு இணைகள் நால்வராகச் சேர்ந்து, நால்வருக்கும் பொதுவான ஒன்றையேனும் மூன்று நிமிடத்தில் தேடுவார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில், விரும்பும் சில குழுக்கள் இருந்த இடத்திலிருந்தே கண்டதைச் சொல்லும். மேலே நான் குறிப்பிட்ட பெண்மணியும் ஒரு பொறியாளரும் அன்று கண்டுபிடித்தவை: இருவருக்கும் கத்தரிக்காய் பிடிக்காது, இருவருக்கும் நீந்தத் தெரியாது, இருவரும் தேநீரில் சர்க்கரை சேர்ப்பதில்லை. "வீ போத் டோன்ட் லைக் பிரிஞ்சால்" என்று அறிவித்தவர் அந்தப் பெண்மணிதான். அந்த வாக்கியத்தின் இலக்கணம் இன்னும் சீராக வேண்டும், ஆனால் அதை நான் அப்போது திருத்தவில்லை. குறித்து வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் முடிந்தபின், யார் சொன்னது என்று காட்டாமல் கரும்பலகையில் எழுதித் திருத்தினேன்.

இந்த விளையாட்டில் 'நாங்கள்' என்று தொடங்கிச் சொல்லவைப்பதற்கும் காரணம் உண்டு. 'அவர் விரும்புகிறார்' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் ஆங்கில வினைச்சொல்லின் இறுதியில் 'ஸ்' சேர்க்க வேண்டும், புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இடறுவது அங்கேதான். 'நாங்கள்' என்றால் அந்தத் தொல்லை இல்லை. முதல் வாரத்திலேயே பிழையில்லாமல் ஒரு வாக்கியமாவது வாயில் வர இதுவே எளிய வழி.

இதில் தவறாகப் போகக்கூடியவையும் உண்டு. கேள்வித் தொடக்கங்களைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் பேச்சு ஒரே நிமிடத்தில் தமிழுக்குத் தாவிவிடும். தடுமாற்றமே இல்லாத சரளமான சிரிப்பு ஒரு மூலையில் எழுந்தால், அங்கே ஆங்கிலம் நின்றுவிட்டது என்று பொருள். திட்டாமல் அருகில் சென்று அந்தக் கேள்வித் தொடக்கத்தை மெல்லச் சொன்னால் போதும். ஒருவர் மிஞ்சினால் அவரை ஆசிரியருடன் சேர்க்காமல் மூவர் குழுவாக்கிவிட வேண்டும், ஆசிரியரிடம் சிக்கியவருக்கு அது தேர்வாகிவிடும்.

தினமும் ஒரே விளையாட்டு சலிக்கும் என்பதால், சில நாள்களில் அன்று காலை எழுந்த நேரப்படி வரிசையில் நிற்கச் சொல்வேன். "வாட் டைம் டிட் யூ கெட் அப் டுடே?" என்று ஒவ்வொருவரும் அக்கம்பக்கத்தாரைக் கேட்டு, தம் இடத்தைத் தாமே கண்டுபிடிக்க வேண்டும். பலர் பிறந்தநாள் வரிசையை வைப்பார்கள். பள்ளியில் சேர்க்கும்போது எழுதப்பட்ட தேதி ஒன்று, வீட்டில் சொல்லும் நாள் ஒன்று என்று இருப்பவர்கள் நம் வகுப்பில் உண்டு என்பதால் நான் அதை வைப்பதில்லை. எழுந்த நேரத்தில் அந்தச் சங்கடமும் இல்லை, இறந்தகாலக் கேள்வியும் பழகிவிடுகிறது. பால் வியாபாரம் செய்பவர் மூன்றரை மணி என்று சொல்லி வரிசையின் தலையில் நிற்பார், பட்டதாரிகள் எட்டு மணிக்குப் பின்னால் நிற்பார்கள். கல்வித் தகுதியைச் சொல்லவைக்கும் சுற்றறிக்கையில் அந்தப் பால்காரருக்கு முதலிடம் எங்கே இருக்கிறது?

இவற்றுக்குப் பந்து, வண்ண அட்டை, அச்சடித்த தாள் எதுவும் தேவையில்லை. அவை தேவைப்படும் விளையாட்டுகளை நாங்கள் கேட்கவும் முடியாது, கரும்பலகை அழிப்பானுக்குக் கொடுத்த விண்ணப்பமே இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. ஒலிவாங்கி மட்டும் மறுநாளே வந்து சேர்ந்தது வியப்பளித்தது. வகுப்புக்கான மின்விசிறி, இரவு எட்டரைக்கே அணைந்துவிடும் வாசல் விளக்கு ஆகியவை பற்றியும் எழுத நிறைய இருக்கிறது, அவற்றை வேறொரு மடலுக்கு வைத்துக்கொள்கிறேன். இங்கே கேட்பது ஒன்றுதான்: தொடக்கப் பத்து நிமிடத்தை எங்களிடம் திருப்பித் தாருங்கள்.

தனியாக முன்னால் நின்று பேசும் பழக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேர்முகத் தேர்வுக்குச் செல்பவர்களுக்கு அது தேவை. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கப் பழகிய பின், நான்காம் வாரத்தில், விருப்பமுள்ளவர்கள் முன்வர, கல்வித் தகுதியைச் சொல்வது கட்டாயமில்லை என்ற அளவில் அதை வைத்துக்கொள்ளலாம்.

புதிய அணி திங்கட்கிழமை தொடங்குகிறது. அதற்குள் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, முதல் பத்து நிமிடத்தை ஆசிரியரின் பொறுப்பில் விடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். குழுவில் யாரேனும் நேரில் பார்க்க விரும்பினால் அன்று மாலை ஆறு மணிக்கு வரலாம். ஓரமாக நாற்காலி போடமாட்டோம், தாங்களும் எழுந்த நேரத்தைச் சொல்லி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாலை வகுப்பின் ஆசிரியை